அப்பத்தாவின் நோட்டில் இருக்கும் நம்பர் எந்த நாட்டுடையது? இலக்கத்தை எண்ணிக் கண்டுபிடிக்கும் வழி

சித்தப்பாவின் சாந்திக் கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களைப் போனில் அழைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கானாடுகாத்தான் வீட்டுப் பெட்டகத்திலிருந்து அப்பத்தா ஒரு நீளமான நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஐயா காலத்து நோட்டு. பெயர் இருக்கிறது, நம்பர் இருக்கிறது, ஊர் மட்டும் பல இடங்களில் இல்லை. எழுதியவருக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும், அதனால் எழுதவில்லை.

செட்டிநாட்டில் பல வீடுகளில் இப்படியொரு நோட்டு இருக்கும். பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை என்று கொடுக்கல் வாங்கலுக்குப் போன குடும்பங்கள் நம்முடையவை. போனவர்களில் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள், சிலருடைய பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்த நம்பர்களை எப்படிப் படிப்பது என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். வேண்டியது ஒரு பென்சிலும் எண்ணுவதற்குப் பொறுமையும்தான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கத்தை எண்ணினால் நமக்குக் கிடைப்பது "இந்த நம்பர் இன்ன நாட்டு அமைப்புக்குப் பொருந்துகிறது" என்பது மட்டுமே. ஒரே நம்பர் இரண்டு நாட்டுக்குப் பொருந்தலாம். ஆகவே பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து மிச்சம் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள்

நோட்டில் உள்ளதை அப்படியே ஒரு தாளில் எடுத்து எழுதுங்கள். இடைவெளி, சின்னக் கோடு, முன்னால் இருக்கும் 0, கூட்டல் குறி எதையும் விட்டுவிடாதீர்கள். போனில் நேராகத் தட்டினால் இடைவெளியெல்லாம் போய்விடும். அந்த இடைவெளி ஒரு சாட்சி. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். அந்தப் பக்கத்தில் தேதியோ, பக்கத்து வரியில் கல்யாணம் காட்சி பற்றிய குறிப்போ இருந்தால் அதையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். நம்பர் எந்த வருடத்தில் எழுதப்பட்டது என்பதே சில சமயம் முடிவைச் சொல்லிவிடும்.

இரண்டாவது: முன்னால் என்ன இருக்கிறது?

கூட்டல் குறியோடு தொடங்கினால் வேலை சுலபம். அதற்கு அடுத்து வருவது நாட்டுக் குறியீடு. 00 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே அர்த்தம்தான். இந்தியா, மலேசியா, இலங்கை மூன்றிலுமே வெளிநாட்டுக்கு அழைக்க 00 தான் போட வேண்டும். நமக்கு வேண்டிய குறியீடுகள் ஐந்துதான்: இந்தியா 91, இலங்கை 94, மியான்மர் 95, மலேசியா 60, சிங்கப்பூர் 65.

குறியீடு எத்தனை இலக்கம் என்று எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். ஒன்று முதல் மூன்று இலக்கம் வரை இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் குறியீடு இன்னொரு நாட்டுக் குறியீட்டின் தொடக்கமாக வராதபடிதான் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். 65 சிங்கப்பூருக்குப் போய்விட்டதால் 651, 652 என்று எந்த நாடும் கிடையாது. 97 என்று தனியாக எந்த நாடும் இல்லாததால்தான் 971 துபாய் இருக்கும் அமீரகத்துக்குக் கிடைத்தது. ஆகவே இடமிருந்து படித்துக்கொண்டே வந்தால் குறியீடு எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் வராது.

கூட்டல் குறியும் இல்லை, 00வும் இல்லை, ஒற்றை 0 மட்டும் இருக்கிறது என்றால், அது அந்தந்த நாட்டுக்குள் அழைக்கும்போது போடும் 0. நம் காரைக்குடி 04565 முன்னால் போடுகிறோமே, அதே 0தான். மலேசியா, இலங்கை, மியான்மர் மூன்றிலும் இது உண்டு. சிங்கப்பூரில் கிடையாது. சிறிய நாடு, ஊருக்கு ஊர் கோடு இல்லை, எந்த நம்பரும் எட்டு இலக்கம்தான். அதனால் ஒற்றை 0வில் தொடங்கும் நம்பரைப் பார்த்தவுடன் சிங்கப்பூரைத் தள்ளிவிடலாம்.

மூன்றாவது: எண்ணுங்கள்

0வையும் சேர்த்து எண்ணுங்கள். நான் எண்ணும்போது மனதில் வைத்திருக்கும் அளவுகள் இவைதான்.

இந்தியாவில் 0வோடு சேர்த்து எப்போதும் 11. லேண்ட்லைன் என்றால் கோடு நீளமாக இருந்தால் நம்பர் குட்டையாக இருக்கும். காரைக்குடிக்கு 04565 என்று ஐந்து, அப்புறம் ஆறு. சென்னைக்கு 044 என்று மூன்று, அப்புறம் எட்டு. கூட்டினால் இரண்டுமே 11. செல் நம்பர் பத்து இலக்கம், 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். முன்னால் 0 போட்டு எழுதினால் அதுவும் 11.

இலங்கையில் 0வோடு 10. கொழும்பு லேண்ட்லைன் 011, யாழ்ப்பாணம் 021, கண்டி 081, செல் என்றால் 07 என்று தொடங்கும். எதுவானாலும் 10தான், அதில் மாற்றம் இல்லை.

மலேசியாவில் அளவு ஊருக்கு ஊர் மாறும். கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் 03 போட்டு எட்டு இலக்கம், மொத்தம் 10. பினாங்கு, கெடா பக்கம் 04, ஈப்போ இருக்கும் பேராக் 05, ஜொகூர் 07. இங்கெல்லாம் அடுத்து ஏழு இலக்கம்தான், ஆக மொத்தம் 9. செல் நம்பர் 01 என்று தொடங்கும்: 012, 016, 019 போன்றவை மொத்தம் 10, 011 மட்டும் 11.

மியான்மர்தான் பிடிபடாதது. அங்கே ஊருக்கு ஊர் நீளம் வேறு. செல் நம்பர் 09 என்று தொடங்கும், அதற்குப் பின் ஏழு, எட்டு, ஒன்பது என்று எத்தனை இலக்கமும் வரலாம். ஆகவே நீளத்தை வைத்து மியான்மரை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. உங்கள் குடும்பத்துக்கு ரங்கூன் தொடர்பு இல்லையென்றால் அந்தக் கவலையே வேண்டாம். இருந்தால் எல்லாச் சோதனையிலும் அதைக் கடைசிவரை பட்டியலில் வைத்திருங்கள்.

சரி, இனி நோட்டைப் பார்ப்போம். நம்பர் யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காகப் பின்பாதியை × என்று மறைத்திருக்கிறேன்.

```
04 - 261 ××××
077 ××× ××××
011 - 1××× ××××
659 ××× ××××
```

முதல் வரி: 04

04 என்றவுடன் என் கை நம் ஊர்ப் பக்கம்தான் போனது. 04565 காரைக்குடி, தமிழ்நாட்டு லேண்ட்லைன் கோடு எல்லாமே 04 தானே. ஆனால் எண்ணிப் பார்த்தால் மொத்தம் 9. இந்தியாவுக்கு 11 வேண்டும், இரண்டு குறைகிறது. இலங்கைக்கு 10 வேண்டும், ஒன்று குறைகிறது. மலேசியாவில் 04க்குப் பின் ஏழு இலக்கம் என்றால் மொத்தம் 9, சரியாகப் பொருந்துகிறது.

மியான்மரை நீளத்தால் தள்ள முடியாது என்று சொன்னேன் அல்லவா. இங்கேதான் அந்தச் சின்னக் கோடு கைகொடுத்தது. ஐயா 04க்கு அடுத்துக் கோடு போட்டு, பின்னால் ஏழு இலக்கத்தைத் தனியாக எழுதியிருக்கிறார். ஊர்க்கோடு வெறும் 04 என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊரிலோ மியான்மரிலோ 04 என்று தொடங்கும் ஊர்க்கோடு இன்னும் நீளம், அந்தச் சின்னக் கோடு தள்ளி விழுந்திருக்கும். அப்பத்தாவிடம் கேட்டேன்.

"அப்பத்தா, இவங்க பினாங்குல இருக்காங்களா?"

"ஆமா, ஐயாவோட சித்தப்பா மகன் வீடு. எப்படிக் கண்டுபிடிச்சே?"

போனில் சேமிக்க வேண்டியது இப்படி: முன்னால் இருக்கும் 0வை எடுத்துவிட்டு நாட்டுக் குறியீடு.

```
+60 4 261 ××××
```

மலேசியக்காரர்கள் தங்கள் நம்பரை 6012 என்றோ 6-012 என்றோ எழுதிக் கொடுப்பார்கள். குறியீடு 6 என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குறியீடு 60. செல் நம்பர் முன்னால் இருக்கும் 0வை எடுத்தால் 12. இரண்டையும் சேர்த்தால் 6012. குறியீட்டின் கடைசி 0வும் எடுத்த 0வும் ஒரே இடத்தில் விழுவதால் வெறும் 6 சேர்த்தது போலத் தெரிகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் 60க்குப் பின்னால் மறுபடியும் 012 போடுகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது வரி: 077

மொத்தம் 10. இந்தியாவில் 77 என்று தொடங்கும் செல் நம்பர் உண்டு, ஆனால் 0வோடு 11 வர வேண்டும். மலேசியாவில் 07 ஜொகூர், ஆனால் அங்கே மொத்தம் 9தான். இலங்கையில் 077 செல் நம்பர், மொத்தம் 10. பொருந்துகிறது. முன் 0வை எடுத்து +94 77 என்று சேமித்தால் போதும். ஒரு சொல் சேர்க்கிறேன். இதே 077 பதினொரு இலக்கமாக இருந்தால் கதை மாறும். இங்கிலாந்து செல் நம்பர் 07 என்று தொடங்கி 11 இலக்கம் வரும், 0 போட்ட இந்திய செல் நம்பரும் 11 வரும். லண்டனில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைக் கவனியுங்கள்.

மூன்றாவது வரி: 011

எனக்குப் பிடித்த வரி இது. 011 கொழும்பு. 011 டெல்லி. 011 மலேசிய செல் நம்பர். அமெரிக்காவில் இருந்து வெளிநாட்டுக்கு அழைக்க முன்னால் போடுவதும் 011 தான்.

எண்ணுங்கள், 11. கொழும்பு என்றால் 10 இருக்க வேண்டும், தள்ளிவிடலாம். அமெரிக்க முன்னெண் என்று வைத்துக்கொண்டால் அதற்குப் பின் மிச்சம் எட்டு இலக்கம்தான். அடுத்து நிற்கும் 1 அமெரிக்காவின் நாட்டுக் குறியீடு. அதற்குப் பின் பத்து இலக்கம் வேண்டும், இருப்பதோ ஏழு. அதுவும் போயிற்று. டெல்லி லேண்ட்லைன் 011க்குப் பின் எட்டு இலக்கம், மொத்தம் 11. மலேசிய செல் நம்பரும் 011க்குப் பின் எட்டு, மொத்தம் 11. நீளம் இதற்கு மேல் உதவாது.

இனிப் பார்க்க வேண்டியது கோட்டுக்கு அடுத்த முதல் இலக்கம். இந்தியாவில் 1 என்று தொடங்குவதை அவசர உதவி, விசாரணை போன்ற சேவைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 112, 108 எல்லாம் அப்படித்தான். அதனால் எந்த லேண்ட்லைன் நம்பரும் ஊர்க்கோட்டுக்குப் பின் 1ல் தொடங்காது, 0விலும் தொடங்காது. நம் வரியில் 011க்கு அடுத்து நிற்பது 1. ஆக டெல்லியும் போயிற்று. மிச்சம் மலேசியா. அங்கே 60க்குப் பின் 11 போட்டு எட்டு இலக்கத்தைச் சேர்க்க வேண்டும்.

அந்த இடத்தில் 1க்குப் பதில் 2 இருந்திருந்தால் என்னால் நம்பரை மட்டும் வைத்து முடிவு சொல்லியிருக்க முடியாது. டெல்லிக்கும் பொருந்தும், மலேசியாவுக்கும் பொருந்தும். அப்போது யார் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறது, எந்த மையில், எந்த வருடத்தில் என்றுதான் பார்க்க வேண்டும். மலேசியாவில் இந்தப் பதினொரு இலக்க 011 செல் நம்பர் பிற்பாடு வந்தது, 012, 016, 019 எல்லாம் அதற்கு மூத்தவை. பழைய பக்கத்தில் 011 இருந்தால் டெல்லிப் பக்கமே சாய்வேன்.

நான்காவது வரி: 0வும் இல்லை, கூட்டலும் இல்லை

பத்து இலக்கம், 6ல் தொடங்குகிறது. இந்திய செல் நம்பரின் இலக்கணம் முழுக்கப் பொருந்துகிறது. நான் அப்படியே தட்டிவிட்டேன். யாரோ ஓர் இந்திக்காரர் எடுத்தார். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு மறுபடி நோட்டைப் பார்த்தேன்.

நாட்டுக் குறியீட்டோடு எழுதி, கூட்டல் குறியை மட்டும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும். சிங்கப்பூர்க் குறியீடு 65, நம்பர் எட்டு இலக்கம், கூட்டினால் 10. பினாங்கு லேண்ட்லைனுக்கு 60, அப்புறம் 4, அப்புறம் ஏழு, அதுவும் 10. இரண்டுமே 6ல் தொடங்கும். கூட்டல் குறி போன பிறகு இவை இரண்டும் இந்திய செல் நம்பரைப் போலவே நிற்கும். நம் ஊர் போனும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும், பேசாமல் இந்தியாவுக்குள் அழைத்துவிடும். தவறு நடந்தது என்ற அறிவிப்புகூட வராது, வேறு யாரோ எடுப்பார்கள். நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் தப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே பத்து இலக்கமாக 65 என்று தொடங்கும் எதையும் தட்டுவதற்கு முன் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் லேண்ட்லைன் 6ல் தொடங்கும், செல் 8லோ 9லோ தொடங்கும். இணையவழி போனுக்கு 3ம் உண்டு. 65க்கு அடுத்து 3, 6, 8, 9 இருந்தால் சிங்கப்பூராக இருக்கலாம். 2, 4, 5 என்று இருந்தால் அது சிங்கப்பூர் இல்லை, இந்திய செல்லாகவே எடுத்துக்கொள்ளலாம். நம் வரியில் மூன்றாவது 9. சிங்கப்பூருக்கும் பொருந்துகிறது, இந்தியாவுக்கும் பொருந்துகிறது.

முடிவு செய்தது நோட்டின் வயது. இந்தியாவில் செல் நம்பர் முதலில் 9ல்தான் வந்தது, 8ம் 7ம் பின்னால் வந்தன, 6 கடைசியில் வந்தது. அந்தப் பக்கத்தில் ஐயாவின் கையெழுத்தில் 2004 என்று தேதி இருந்தது. அப்போது 6ல் தொடங்கும் இந்திய செல் நம்பர் கிடையாது. ஆக 65 என்பது சிங்கப்பூர். கூட்டல் குறி சேர்த்து அழைத்தேன், அத்தை மகள் எடுத்தார். இருபது வருடமாக அதே நம்பரை மாற்றாமல் வைத்திருக்கிறார்.

ஏழு இலக்கம் மட்டும் இருந்தால்

நோட்டின் முன்பக்கங்களில் ஏழு இலக்க நம்பர்கள் சில இருந்தன. சிங்கப்பூரில் 2002 மார்ச் வரை லேண்ட்லைன் ஏழு இலக்கம்தான். அப்புறம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 6 சேர்த்து எட்டாக்கினார்கள். ஆகவே சிங்கப்பூர் முகவரிக்கு நேரே பழைய ஏழு இலக்க நம்பர் இருந்தால் 65, அப்புறம் 6, அப்புறம் அந்த ஏழு இலக்கம் என்று முயன்று பார்க்கலாம். ஆனால் முகவரி இல்லாமல் ஏழு இலக்கம் மட்டும் இருந்தால் கைவைக்காதீர்கள். பினாங்கிலும் ஊர்க்கோடு விட்டால் ஏழு, கொழும்பிலும் ஏழு. எட்டு இலக்கத்திலும் இதே மாதிரிச் சிக்கல் உண்டு. ஆனால் 2லோ 4லோ தொடங்கினால் சிங்கப்பூரைத் தள்ளிவிட்டுச் சென்னை லேண்ட்லைனை முதலில் நினைக்கலாம்.

அழைப்பதற்கு முன்

முடிவு செய்த நம்பரைக் கூட்டல் குறியோடு போனில் சேமித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அந்தப் பெயர் வருகிறதா, படத்தில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். செல் நம்பராக இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். போனில் 0 பொத்தானை அழுத்திப் பிடித்தால் கூட்டல் குறி வரும். நேரத்தையும் பாருங்கள்: மலேசியாவும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், மியான்மர் ஒரு மணி நேரம் முன்னால், இலங்கை நம்மோடு ஒரே நேரம். இரவு ஒன்பது மணிக்குச் சாவகாசமாக உட்கார்ந்து பினாங்கை அழைத்தால் அங்கே பதினொன்றரை, எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

நம்பர் ஒரு நாட்டு அமைப்புக்குப் பொருந்துவதால் ஆள் அந்த நாட்டில்தான் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூர் நம்பரை வைத்துக்கொண்டு காரைக்குடியில் வந்து தங்கியிருப்பவர்கள் உண்டு. அதே போல, நம்மை அழைக்கும் நம்பர் திரையில் எந்த நாட்டுடையதாகத் தெரிந்தாலும் அதை மட்டும் வைத்து ஆளை நம்பாதீர்கள். வேறொரு நம்பரைத் திரையில் காட்டி அழைக்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த முறை நம் கையில் இருக்கும் பழைய நம்பரைப் படிக்கத்தான்.

எனக்கு இன்னும் ஒரு வரி தீரவில்லை. 09 என்று தொடங்கி, அடுத்து 4, மொத்தம் 11, நடுவில் ஒரு இடைவெளிகூட இல்லை. மலேசியாவில் 09க்கு மொத்தம் 9தான், இலங்கைக்கு 10, இரண்டும் போயின. 0 போட்டு எழுதிய இந்திய செல் நம்பராக இருக்கலாம். அந்தக் காலத்தில் வெளிமாநிலத்து செல்லுக்கு 0 போட்டுத்தான் அழைப்போம், அப்படியே எழுதியும் வைப்போம். ரங்கூன் செல் நம்பராகவும் இருக்கலாம், 09க்குப் பின் ஒன்பது இலக்கம் அங்கே சாதாரணம். பெயரும் பாதி அழிந்திருக்கிறது. தாளில் இரண்டு விதமாகவும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்:

```
+91 94××× ×××××
+95 9 4××××××××
```

சாந்திக்குப் பள்ளத்தூர்ப் பெரியம்மா வரும்போது நோட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். ரங்கூன் சொந்தங்களோடு கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் அவர்தான்.